நிறை, எடை, திணிவு: அறிவியல் அறிக்கையில் எது எதைக் குறிக்கும்?

தமிழ்நாட்டுப் பாடநூலில் நிறை என்றால் ஒரு பொருளில் அடங்கியுள்ள பருப்பொருளின் அளவு. அதன் அலகு கிலோகிராம். இலங்கைப் பாடநூலிலோ அதே நிறை, புவி அந்தப் பொருளை இழுக்கும் விசை. அதன் அலகு நியூட்டன். தமிழ்நாட்டின் நிறையை இலங்கையில் திணிவு என்பார்கள். இலங்கையின் நிறையைத் தமிழ்நாட்டில் எடை என்பார்கள். இணையத்தில் தேடினால் இரண்டு வழக்கும் கலந்தே கிடைக்கும். அங்கிருந்து ஒரு பத்தி, இங்கிருந்து ஒரு பத்தி என்று எடுத்து எழுதும் மாணவரின் அறிக்கையில் நிறைக்கு இரண்டு பொருள் வந்துவிடுகிறது.

நிறு என்ற வினையிலிருந்து வந்தது நிறை. நிறுத்துப் பார்த்தால் கிடைப்பது. தொல்காப்பியத்திலேயே அளவுப் பெயர் வேறு, நிறைப் பெயர் வேறு. எடை என்பது எடு என்பதிலிருந்து வந்தது. கடைத்தெருவில் இரண்டும் ஒன்றுதான். பிரித்துக் காட்ட வேண்டிய தேவை இயற்பியலுக்குத்தான் வந்தது. திணிவு, திணிதல் அதாவது செறிந்திருத்தல் என்பதிலிருந்து வந்தது. தமிழ்நாட்டு வாசகருக்கு அது அடர்த்தி போலக் கேட்கலாம். அதனால் எது சரி என்று வாதாடுவதைவிட, அறிக்கையைத் திருத்தப்போகிறவர் எந்தப் பாடத்திட்டத்தில் இருக்கிறாரோ அந்தச் சொல்லை எடுத்துக்கொள்வதே நல்லது.

ஒரு கல்லின் அடர்த்தியைக் கண்டுபிடிக்கும் சோதனையைப் பார்ப்போம். தராசு 270 கிராம் காட்டுகிறது. கல் வெளியேற்றிய நீர் 100 மில்லிலிட்டர். அடர்த்தி, கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம். இங்கே 270 கிராம் என்பது தமிழ்நாட்டில் நிறை, இலங்கையில் திணிவு. அதே கல்லை வில் தராசில் தொங்கவிட்டால் சுமார் 2.65 நியூட்டன் காட்டும் (0.27 × 9.8). இது தமிழ்நாட்டில் எடை, இலங்கையில் நிறை. ஆகவே குழப்பத்தைக் கண்டுபிடிக்க அலகைப் பார்த்தால் போதும். ஒரு பக்கத்தில் நிறைக்குப் பின்னால் கிராமும் இன்னொரு பக்கத்தில் நியூட்டனும் வந்தால் வழக்கு கலந்துவிட்டது.

எழுதத் தொடங்கும் முன்பே சொல், குறியீடு, அலகு என்று மூன்று நெடுவரிசைகள் கொண்ட சின்ன அட்டவணை போட்டுக்கொள்ளலாம். தமிழ்நாட்டு வழக்கென்றால்: நிறை, m, கிலோகிராம்; எடை, W, நியூட்டன். W = mg என்று சமன்பாட்டையும் பக்கத்தில் எழுதிவிட்டால் சந்தேகமே வராது.

சரி, ஏற்கெனவே இலங்கை வழக்கில் எழுதியதைத் தமிழ்நாட்டு வழக்குக்கு மாற்ற வேண்டுமென்றால் வரிசை முக்கியம். முதலில் நிறையை எடையாக்கி, அப்புறம்தான் திணிவை நிறையாக்க வேண்டும். தலைகீழாகச் செய்தால் எல்லாமே எடையாகிவிடும். கணினியில் மொத்தமாக மாற்றும் கட்டளையும் ஆபத்துதான்: நிறைய என்பது எடைய ஆகும், நிறைவு எடைவு ஆகும். திணிவு என்று தேடினால் திணிவை, திணிவின் எல்லாம் தப்பிவிடும். அதனால் திணிவ வரை மட்டும் தட்டித் தேடி, ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள்.