ஒரே இரவில் 738,000 டாலர்

2021 ஜனவரி இறுதியில் அமெரிக்காவில் நடந்த ஓர் ஏலத்தில், கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டனின் படம் அச்சிட்ட சேகரிப்பு அட்டைகள் இரண்டு தலா 738,000 டாலருக்கு விலைபோயின. 1986-ல் ஃபிளியர் நிறுவனம் மிட்டாய்க் கடை விலைக்கு விற்ற பாக்கெட்டுகளிலிருந்து வந்த அட்டை அது. சில வாரங்களுக்கு முன்புவரை, அதே தரத்திலான அதே அட்டை இதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் விற்றது. அந்த ஆண்டு முடிவதற்குள் விலை மறுபடியும் 2 லட்சம் டாலர் அளவுக்கு இறங்கிவிட்டது. அட்டையில் ஒரு கீறலும் விழவில்லை. ஜோர்டனின் புகழும் குறையவில்லை. பிறகு எது மாறியது?

முதலில், அந்த 738,000 எதைச் சொல்கிறது என்று பார்க்க வேண்டும். அட்டைகளைச் சோதித்து 1 முதல் 10 வரை தரமதிப்பெண் கொடுத்து, பிளாஸ்டிக் பெட்டிக்குள் முத்திரையிட்டுத் தரும் நிறுவனங்கள் உண்டு. அவற்றில் பெரியது பி.எஸ்.ஏ. அது 10 மதிப்பெண் கொடுத்த ஜோர்டன் அட்டைகள் 300-க்குச் சற்று அதிகம். அந்த ஏலத்துக்குப் பிறகு, அவற்றில் ஒன்றை வைத்திருந்த ஒவ்வொருவரும் தன் அலமாரியில் 738,000 டாலர் இருப்பதாக எண்ணிக்கொண்டார். அத்தனையையும் கூட்டினால் 22 கோடி டாலருக்கு மேல் வரும். ஆனால் அந்த இரவில் உண்மையில் கைமாறியது 15 லட்சம் டாலர்கூட இல்லை. இரண்டு அட்டைகளுக்காக நாலைந்து பேர் போட்டியிட்டாலே போதும், அந்த விலை பிறந்துவிடும். முந்நூறு பேரும் அதே விலைக்கு விற்க வந்தால் வாங்குவதற்கு முந்நூறு பேர் வேண்டும். அவர்கள் எங்கும் இல்லை. விலைச் செய்தி பரவியதும் பெட்டிகளில் உறங்கிய அட்டைகள் ஏலத்துக்கு வரிசை கட்டின, விலை சரிந்தது.

இந்தச் சந்தைக்கு இன்னொரு கோளாறும் உண்டு. பங்குச் சந்தையில் ஒரு பங்கின் விலை அளவுமீறிப் போய்விட்டது என்று நினைப்பவர், அதைக் கடன் வாங்கி விற்றுவிட்டு, விலை இறங்கிய பின் வாங்கித் திருப்பித் தரலாம். அட்டையில் அதற்கு வழியே இல்லை. விலை அதிகம் என்று நினைப்பவர் செய்யக்கூடியது ஒதுங்கி நிற்பது மட்டும்தான். ஒதுங்கி நிற்பவரின் கருத்து விலையில் ஏறாது. இப்படிப்பட்ட சந்தையில் விலையைத் தீர்மானிப்பது மிதமிஞ்சிய நம்பிக்கை உள்ள சிலர்தான் என்று பொருளியல் ஆய்வாளர் எட்வர்ட் மில்லர் 1977-லேயே பங்குகளை வைத்து விளக்கியிருந்தார். அட்டைகளுக்கு அது இன்னும் கச்சிதமாகப் பொருந்துகிறது.

ஜோர்டன் அட்டையை இனி யாரும் அச்சடிக்க முடியாது. புதிதாக வெளியாகும் அட்டைகளின் கதை அதைவிட மோசம். விலை ஏறியதும் கூடுதல் சரக்கு புறப்பட்டுவிடுகிறது, ஆனால் வந்து சேர மாதக்கணக்கில் ஆகிறது. தக்காளி கிலோ நூறைத் தொட்டதும் ஊரே தக்காளி நட்டு, அறுவடை நாளில் எல்லாம் ஒன்றாகச் சந்தைக்கு வந்து, பறிக்கிற கூலிக்கும் கட்டாமல் போகிற அதே கதை. பொருளியலில் இதைச் சிலந்திவலைச் சுழற்சி என்பார்கள்.

அட்டைகளில் இந்தத் தாமதம் இரண்டு இடங்களில் நிகழ்கிறது. ஒன்று அச்சகம். கார்ட்டூன் பாத்திரங்களைக் கொண்ட போக்கிமான் அட்டைகள் 2020 ஏப்ரலிலிருந்து 2021 மார்ச் வரை உலகெங்கும் சுமார் 370 கோடி அச்சானதாக நிறுவனத்தின் கணக்கு சொல்கிறது. பொதுமுடக்கத்தில் வீட்டில் அடைபட்டவர்கள் பழைய மோகத்துக்குத் திரும்பியிருந்த காலம் அது. கடைகளில் அலமாரிகள் காலியாகக் கிடந்தன. 2021 மே மாதம் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு கடையின் வாகன நிறுத்தத்தில் அட்டைகளுக்காக அடிதடி நடந்து, டார்கெட் நிறுவனம் கடைகளில் அட்டை விற்பனையையே நிறுத்திவைத்தது. அடுத்த ஆண்டில் அச்சானவை 910 கோடி. 2023-24-ல் சுமார் 1,190 கோடி. காலி அலமாரியைப் பார்த்து ‘இது அரிய பொருள்’ என்று முடிவெடுத்தவர்கள் பார்த்தது அரிதான பொருளை அல்ல, லாரி வராத கடையை.

இரண்டாவது தாமதம் தரமதிப்பீட்டு வரிசை. அதிகம் பேசப்படாதது இது; என் கணக்கில் அதிகச் சேதம் செய்ததும் இதுவே. 2021 மார்ச்சில், மூன்று நாட்களில் வந்த அட்டைகள் அதற்கு முந்தைய மூன்று மாதங்களில் வந்தவற்றைவிட அதிகம் என்று சொல்லி, பி.எஸ்.ஏ. தன் குறைந்த கட்டணச் சேவைகளை நிறுத்திவைத்தது. அட்டைகள் மாதக்கணக்கில் கிடங்கில் தேங்கின. வெளியே அவை கண்ணில் படவில்லை. ஆகவே 10 மதிப்பெண் பெற்ற அட்டைகள் குறைவாகவே இருப்பதுபோலத் தெரிந்தது. விலை உயர்ந்தது. அதைப் பார்த்து இன்னும் பலர் தங்கள் அட்டைகளை அனுப்பினார்கள். தேக்கம் கரைந்தபோது எல்லாம் சேர்ந்தாற்போல் வெளியே வந்தன.

வரிசையில் நிற்பவரின் கணக்கு எப்படி இருக்கும் என்று பார்ப்போம். எண்கள் நான் வசதிக்காக எடுத்துக்கொண்டவை. மதிப்பெண் பெறாத போக்கிமான் அட்டை ஒன்றை 100 டாலருக்கு வாங்குகிறார். தரமதிப்பீட்டுக்கு 25. ஆக முதல் 125. மதிப்பெண் 10 கிடைத்தால் 200-க்கு விற்கலாம். விற்பனைத் தளம் 13 சதவீதம் போல எடுத்துக்கொள்ளும், தபால் 5. கையில் 169 நிற்கும், லாபம் 44. ஆனால் பின்பக்க நீல விளிம்பின் ஓரத்தில் நகக்கண் அளவுகூட இல்லாத வெள்ளைப் புள்ளி ஒன்று இருந்தால் மதிப்பெண் 9 ஆகிவிடும். அப்போது விலை 110 என்று வைத்தால், எல்லாம் போக 91 மிஞ்சும், நட்டம் 34. பத்தில் நான்கு அட்டைகள் 10 வாங்கும் என்றால், சராசரியாக ஒவ்வோர் அட்டைக்கும் 3 டாலர் கைவிட்டுப் போகிறது. வரிசையில் காத்திருந்த மாதங்களில் விலை இறங்காமல் நின்றது என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. லாபத்தைப் பேசுபவர்கள் அந்த 44-ஐ மட்டும்தான் படம் எடுத்துக் காட்டுவார்கள்.

பழைய அட்டைகள் ஏன் கோடிகளில் விற்கின்றன என்ற கேள்விக்கும் விடை இங்கேதான் இருக்கிறது. 1952-ல் டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட, பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டிலின் அட்டை ஒன்று 2022 ஆகஸ்டில் 1.26 கோடி டாலருக்கு விற்றது. அதே தொகுப்பின் விற்காத பெட்டிகளை டாப்ஸ் ஊழியர் சை பெர்கர் 1960 வாக்கில் படகில் ஏற்றிக் கடலில் கொட்டிவிட்டு வந்தார். வாங்கிய சிறுவர்களும் அட்டைகளைச் சைக்கிள் சக்கரக் கம்பிகளில் செருகிக் கிழித்தார்கள். அந்த விலைச் செய்திகளைப் படித்து வளர்ந்த தலைமுறை 1980-களின் இறுதியில் பேஸ்பால் அட்டைகளைப் பெட்டி பெட்டியாக வாங்கி நிலவறையில் பூட்டியது. நிறுவனங்களும் சளைக்காமல் அச்சடித்தன. அந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றை இன்று வாங்கிய விலைக்கே தள்ளிவிடுவது கடினம். கிழிப்பதற்கு ஆள் இல்லாமல் போனதுதான் காரணம்.

புதிய வெளியீடு ஒன்றின் விலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று அறிய இரண்டு இடங்களைப் பார்த்தால் போதும். ஈபேயில் கேட்கப்படும் விலையை விட்டுவிட்டு Sold Items என்ற வடிகட்டியைப் போட்டு, விற்று முடிந்த விலைகளைத் தேதி வாரியாகப் பார்க்கலாம். வெளியான முதல் வாரத்தில் ஐந்தாறு விற்பனைகளே இருக்கும். அந்த விலைகளுக்கு ஜோர்டன் ஏலத்துக்கு இருந்த எடைதான். அடுத்து, பி.எஸ்.ஏ. தன் தளத்தில் ஒவ்வோர் அட்டைக்கும் எத்தனை 10, எத்தனை 9 கொடுத்திருக்கிறது என்று வெளியிடுகிறது. அந்த எண்ணை மாதம் ஒருமுறை குறித்து வாருங்கள். 200, 900, 2,600 என்று அது ஏறிக்கொண்டிருந்தால், வரிசையில் தேங்கியவை வெளியே வந்துகொண்டிருக்கின்றன. உள்ளே இன்னும் எத்தனை காத்திருக்கின்றன என்பது அந்தப் பட்டியலில் இருக்காது.