விற்பவர் "கடன் முடிஞ்சிடுச்சு" என்கிறார், ஆர்.சி. என்ன சொல்கிறது?

நான் முதலில் வாங்கிய பழைய பைக்கின் ஆர்.சி. அட்டையில், உரிமையாளர் பெயருக்குக் கீழே ஒரு நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தது. "அது எப்பவோ கட்டி முடிச்ச கடன் சார், பேர் மட்டும் எடுக்காம விட்டுட்டேன்" என்றார் விற்றவர். அவர் சொன்னது உண்மைதான். ஆனால் அந்த நிறுவனம் இன்னொன்றோடு இணைந்து போயிருந்தது. பழைய கிளையும் இல்லை. ஒரு தடையின்மைச் சான்றுக்காக நாலு மாதம் அலைந்தேன். அதுவரை பைக் என் வீட்டில், பெயர் அவருடையது.

வண்டியின் இன்ஜின் சத்தத்தைக் கேட்க மெக்கானிக்கைக் கூட்டிப்போகும் நாம், ஆர்.சி.யின் அந்த ஒரு வரியை மட்டும் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறோம். பெயர் மாற்றம் அங்கேதான் மாட்டிக்கொள்கிறது.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 51 இதைத் தெளிவாகச் சொல்கிறது. கடன் கொடுத்தவரின் பெயர் பதிவேட்டில் இருக்கும்வரை, அவருடைய எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் வண்டியை வேறொருவர் பெயருக்கு மாற்ற முடியாது. பதிவேட்டில் இருக்கும் இந்தக் கடன் குறிப்பை ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஹெச்.பி. என்பார்கள். கடனை அடைத்தால் ஹெச்.பி. தானாக நீங்கிவிடாது. வங்கியும் உரிமையாளரும் கையெழுத்திட்ட படிவம் 35-ஐயும் வங்கியின் தடையின்மைச் சான்றான என்.ஓ.சி.யையும் கொடுத்து நீக்க வேண்டும். கடன் முடிந்ததும் வந்த என்.ஓ.சி.யை பீரோவில் வைத்துவிட்டு மறந்தவர்கள் ஏராளம். வங்கிகள் பொதுவாக அந்தச் சான்றுக்கு மூன்று மாதம் போன்ற கெடு போட்டிருக்கும். கெடு தாண்டிய தாளை ஆபீஸில் வாங்க மாட்டார்கள். புதிதாக எழுதி வாங்கி வரச் சொல்வார்கள்.

ஆகவே விலை பேசுவதற்கு முன்பே விற்பவரிடம் ஆர்.சி.யின் இரு பக்கங்களையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அட்டை என்பது அது அச்சடிக்கப்பட்ட நாளின் நிலைமை மட்டுமே. இன்றைய நிலைமை vahan.parivahan.gov.in தளத்திலோ mParivahan செயலியிலோ இருக்கும். வண்டி எண்ணைப் போட்டால் உரிமையாளர் பெயர் பாதி நட்சத்திரக் குறிகளோடு வரும்; தெரியும் எழுத்துகள் விற்பவரின் பெயரோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். வண்டி கடனில் இருக்கிறதா, காப்பீடு எதுவரை, ஆர்.சி. நடப்பில் இருக்கிறதா என்பதெல்லாம் அங்கே தெரியும். அட்டையில் வங்கி பெயர் இருந்து தளத்தில் இல்லையென்றால், பழைய அட்டை என்று அர்த்தம், பயமில்லை. தலைகீழாக, அட்டையில் கடன் இல்லை, தளத்தில் இருக்கிறது என்றால், அந்த அட்டைக்குப் பிறகு கடன் வாங்கியிருக்கிறார், அல்லது அட்டையே போலி. இரண்டில் எதுவானாலும் அட்வான்ஸ் கொடுக்கும் கையை மடக்கிக்கொள்ளுங்கள்.

இப்போது, கடன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். இது தவிர்க்க வேண்டிய வண்டி அல்ல. பணம் போகும் வழியைச் சரியாக வைத்தால் போதும். கார் ஒன்றுக்கு ரூ.3,20,000 விலை படிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். "இன்னும் எண்பதாயிரம்தான் பாக்கி, நீங்க பணம் கொடுத்தா நாளைக்கே கட்டிடறேன்" என்கிறார் விற்பவர். அவர் கணக்கு மாதத் தவணைகளைக் கூட்டிப் போட்ட கணக்கு. வங்கியின் கணக்கு வேறு: அசல் பாக்கி, அன்றைய தேதிவரை வட்டி, செக் திரும்பியதற்கான அபராதம், முன்கூட்டியே முடிப்பதற்கான கட்டணம் எல்லாம் சேரும். எனவே முன்கூட்டி முடிக்கும் தொகைக்கான கடிதத்தை விற்பவரே வங்கியில் எழுதி வாங்கட்டும். அதில் ரூ.86,400 என்று வருகிறது. எந்தத் தேதிவரை அந்தத் தொகை செல்லும் என்றும் போட்டிருக்கிறது.

இந்தக் கடிதத்தை வாங்கும்போது கிளையில் நேரில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "இந்தத் தொகையைக் கட்டினால் என்.ஓ.சி. கொடுத்துவிடுவீர்களா, இவர் பெயரில் வேறு ஏதாவது பாக்கி இருக்கிறதா?" விற்பவர் அதே வங்கியில் தனிநபர் கடனும் வாங்கி அது நிலுவையில் இருந்தால், கார் கடன் முடிந்தும் சான்றைப் பிடித்து வைப்பது நடக்கிறது. உங்கள் பணம் போய்விட்டிருக்கும், சான்று வராது. அநேகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான், யாரும் முன்னாடியே சொல்லவும் மாட்டார்கள்.

பதில் திருப்தியாக இருந்தால், ரூ.86,400-ஐ விற்பவர் கையில் கொடுக்காமல் அவருடைய கடன் கணக்குக்கே உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து அனுப்புங்கள். முன்பணம் ரூ.10,000 ஏற்கெனவே கொடுத்திருந்தால் மீதி ரூ.2,23,600. இதில் ரூ.25,000-ஐப் பெயர் மாற்றம் முடியும்வரை நிறுத்தி வைப்பதாக ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் கைக்கு வந்த பிறகு, வண்டியை எடுக்கும் நாளில் ரூ.1,98,600 கொடுத்தால் போதும். "நம்பிக்கை இல்லையா?" என்று விற்பவர் முகம் சுளிக்கலாம். அந்த இருபத்தைந்தாயிரம்தான் அவரை ஆர்.டி.ஓ. வேலைக்கு மறுபடி வரவழைக்கும்.

கடன் முடிந்துவிட்டது என்று தாளை நீட்டுகிறவரிடமும் ஒரு சோதனை தேவை. அந்தத் தாளில் உள்ள சேஸிஸ் எண் ஆர்.சி.யில் உள்ளதும் வண்டியில் பொறித்திருப்பதும்தானா? பைக்கில் அது பெரும்பாலும் ஹேண்டில்பாருக்குக் கீழே, ஃபிரேமின் கழுத்தில் இருக்கும். கிரீஸையும் மண்ணையும் துடைத்துவிட்டுப் படிக்க வேண்டும். எண்கள் இருக்கும் இடம் மட்டும் தேய்த்து புதுப் பெயின்ட் அடித்த மாதிரி இருந்தால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். சான்று உண்மையா என்று கேட்க, அதே தாளில் அச்சிட்டிருக்கும் தொலைபேசி எண்ணுக்குப் போன் போடாதீர்கள். போலித் தாள் அடிப்பவன் போலி எண்ணையும்தானே போட்டிருப்பான். கிளைக்கு நேரில் போங்கள்.

எந்தத் தளத்திலும் தெரியாத கடன் ஒன்றும் இருக்கிறது. வட்டிக்கு விடுபவரிடம் ஆர்.சி.யை அடகு வைத்து, பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துப் பணம் வாங்கியிருப்பார்கள். பதிவேட்டில் ஹெச்.பி. ஏறியிருக்காது. இதற்கு அடையாளம், அசல் ஆர்.சி.க்குப் பதில் விற்பவர் நகலையே காட்டிக்கொண்டிருப்பது. அல்லது "தொலைஞ்சு போச்சு, டூப்ளிகேட் எடுத்துத் தர்றேன்" என்பது. அசல் அட்டை கைக்கு வராமல் முன்பணம் வேண்டாம்.

அடுத்தது அபராதம். echallan.parivahan.gov.in தளத்தில் வண்டி எண்ணோடு சேஸிஸ் அல்லது இன்ஜின் எண்ணின் கடைசி ஐந்து எழுத்துகளைப் போட்டால் நிலுவைகள் வரும். சீட் பெல்ட் போடாததற்குத் தலா ரூ.1,000 என இரண்டு இருந்தால் விற்பவர் உங்கள் எதிரிலேயே கட்டிவிடலாம். சில சலான்கள் நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டதாகக் காட்டும். அவற்றை அந்தத் தளத்தில் கட்ட முடியாது; vcourts.gov.in-ல் மாநிலத்தைத் தேர்ந்தெடுத்து அதே வண்டி எண்ணில் தேட வேண்டும். முதல் தளத்தை மட்டும் பார்த்து "எல்லாம் கிளியர்" என்று நினைப்பவர்களுக்குப் பெயர் மாற்றத்தின்போது விண்ணப்பம் நகராமல் நிற்கும். கேமரா பிடித்த சலான் பதிவாகச் சில நாள் ஆகலாம் என்பதால், விலை பேசும் நாளில் ஒருமுறையும் வண்டி எடுக்கும் நாளில் ஒருமுறையும் பாருங்கள். எடுக்கும் தேதி, நேரம், ஓடிய கிலோமீட்டர் மூன்றையும் எழுதி இருவரும் கையெழுத்திட்டால், பிறகு வரும் சலான் யாருடைய ஓட்டத்தில் விழுந்தது என்ற சண்டை வராது.

பெயர் மாற்றத்துக்குப் பிரிவு 50 கெடு வைத்திருக்கிறது. ஒரே மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாளுக்குள் படிவம் 29-ல் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் படிவம் 30-ஐக் கொடுக்க வேண்டும். வெளிமாநில வண்டி என்றால் முன்பு பதிவான அலுவலகத்தின் தடையின்மைச் சான்று, படிவம் 28, கூடுதலாக வேண்டும். உரிமையாளர் இறந்துபோயிருந்தால் முதலில் வாரிசு பெயருக்கு மாறட்டும், பிறகு பேசலாம்.

கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுப் படிவங்களோடு மூன்று கை மாறி வரும் வண்டிகள் புரோக்கர்களிடம் சாதாரணம். இதில் வாங்குபவரைவிட விற்பவருக்கே ஆபத்து அதிகம். 2018-ல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் பார்த்தது அப்படி ஒரு வண்டியைத்தான். அடுத்தடுத்துப் பலரிடம் கைமாறியது, பதிவேட்டில் முதல் ஆளின் பெயரே இருந்தது, விபத்து நடந்தது. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்றது தீர்ப்பு. பெயர் மாற்றத்துக்கு வர மறுக்கும் விற்பவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் அடுத்த நாளே வந்துவிடுவார்.

காப்பீட்டையும் அதே வாரத்தில் முடியுங்கள். மூன்றாம் நபருக்கான காப்பு வண்டியோடு உங்களுக்கு மாறிவிடும். ஆனால் உங்கள் வண்டிக்கே ஏற்படும் சேதத்துக்கான காப்பு அப்படித் தானாக வராது. 14 நாளுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதிப் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும். நிறுத்தி வைத்த ரூ.25,000-ஐ விற்பவருக்கு அனுப்ப வேண்டியது, வாகன் தளத்தில் உரிமையாளர் இடத்தில் உங்கள் பெயரின் முதல் எழுத்துகளும், கடன் இடத்தில் வெறுமையும் தெரியும் அன்றைக்குத்தான்.