காயத்துக்குப் போட்ட ஊசி கணக்கில் வருமா?

மழைக்கு முன்பு வாய்க்கால் தூர்வாரும்போது உடைந்த பாட்டில் குத்தி ஒருவர் வந்தார். வயது 43. உள்ளங்காலில் ஆழமான வெட்டு, உள்ளே கறுப்புச் சேறு. "கடைசியாக எப்போ டெட்டனஸ் ஊசி போட்டீங்க?" என்று கேட்டேன். "அடிபடுறப்போ எல்லாம் போடுவாங்க சார்" என்றார். எத்தனை முறை, எந்த வருடம் என்று தெரியவில்லை. கையில் ஒரு சீட்டும் இல்லை.

தூய்மைப் பணியாளர்களிடம் நான் அதிகம் கேட்கும் பதில் இதுதான். சிலருக்கு ஒரே வருடத்தில் மூன்று முறை போட்டு, கை வீங்கி வலிக்கும். சிலருக்குப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு ஒன்று போட்டதோடு சரி.

டெட்டனஸ் என்ற ரண ஜன்னிக்கான ஊசி, போட்ட அன்றே வேலை செய்யாது. உடம்பு எதிர்ப்புச் சக்தியைத் தயாரிக்க நாளாகும். அடிப்படையாக மூன்று ஊசி வேண்டும்: இன்று ஒன்று, நான்கு வாரம் கழித்து ஒன்று, அதிலிருந்து ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் மூன்றாவது. அப்புறம் பத்து வருடத்துக்கு ஒருமுறை. இடையில் தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டாம், விட்ட இடத்திலிருந்து போடலாம். மூன்றும் முடித்தவருக்கு அழுக்குக் காயம் பட்டால், கடைசி ஊசிக்கு ஐந்து வருடம் ஆகியிருந்தால் மட்டும் இன்னொன்று போதும்.

பதிவு இல்லாதவரை ஊசியே போடாதவராகத்தான் நினைக்க வேண்டும். அதனால் இவருக்குக் காயத்தைக் கழுவி, ரண ஜன்னிக்கான டிடி ஊசியோடு, தயார்நிலை எதிர்ப்புப் புரதமான இம்யூனோகுளோபுலினை இன்னொரு இடத்தில் போட்டோம். சீட்டை அங்கேயே அவர் போனில் படம் எடுக்கச் சொன்னேன்.

அவருடன் வந்த 24 வயதுப் பையனைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. மலம் கலந்த தண்ணீர், சாப்பாடு வழியாகப் பரவும் ஹெபடைடிஸ் ஏ மஞ்சள் காமாலை நம் ஊரில் பெரும்பாலும் சிறு வயதிலேயே வந்து போயிருக்கும். மூத்தவர்களில் பலருக்கு ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி இருக்கும். நல்ல தண்ணீர் குடித்து வளர்ந்த இளைஞர்களுக்கு அது இல்லாமல் போகலாம். பெரியவனான பிறகு வந்தால் கடுமையாக வரும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். எதிர்ப்புச் சக்தி இல்லையென்றால், ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி.

டைபாய்டுக்கு இப்போதுள்ள கான்ஜுகேட் ஊசி ஒரே தவணை. ஆனால் பாரா டைபாய்டை அது தடுக்காது. கையுறையைக் கழற்றிவிட்டு, சோப்பு இல்லாமலே டீயும் வடையும் வாங்கிச் சாப்பிடுகிறார்களே, அந்த இடத்தில் ஊசி மட்டும் போதாது. வண்டியிலேயே தண்ணீர் கேனும் சோப்பும் இருக்க வேண்டும்.

ஹெபடைடிஸ் ஏ, டைபாய்டு ஊசி இரண்டும் பெரியவர்களுக்கு அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் இல்லை. தினக்கூலியிலிருந்து இதற்குப் பணம் எடுக்கச் சொல்வது அநியாயம். வேலைக்கு எடுப்பவர்தான் செலவை ஏற்க வேண்டும், வேலையில் இறக்குவதற்கு முன்பே.

எலிக்காய்ச்சலுக்கு நாம் இங்கே போடும் ஊசி எதுவும் கிடையாது. காய்ச்சலோடு கெண்டைக்கால் வலித்து, கண் சிவந்தால், எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் "நான் சாக்கடை வேலை செய்றேன்" என்று சொல்லுங்கள்.

வெட்டுக்காயக்காரர் நான்கு வாரம் கழித்து வந்தார், போனைத் திறந்து படத்தைக் காட்டிக்கொண்டே. பையனையும் கூட்டி வந்திருந்தார்.