பெர்மிட் முடிய ஐந்து மாதம் இருக்கும்போது தொடங்கும் காதல்

சிங்கப்பூரில் குடும்ப ஆலோசகராக வேலை பார்க்கிறேன். என் அறைக்கு வரும் காதல் ஜோடிகளில் சிலரிடம் முதலில் பார்க்க வேண்டியது ஜாதகமோ சம்பளமோ இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்தவர் கையில் இருக்கும் வேலை பாஸ் என்ன, அது எந்தத் தேதியில் முடிகிறது என்பதுதான்.

இங்கே ஒரு ஜோடியைச் சொல்கிறேன் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்). அவர் தஞ்சாவூர்ப் பக்கம், கட்டுமானத் துறையில் ஒர்க் பெர்மிட். அவள் சிங்கப்பூர்க் குடிமகள், கிளினிக் கவுன்டரில் வேலை. கைக்காயத்துக்குக் கட்டுப்போட வந்தவரோடு பேசிப் பழகி, ஞாயிறுதோறும் தேக்காவில் சந்திக்கத் தொடங்கினார்கள். ஏப்ரலில் ஆரம்பித்த பழக்கம். பெர்மிட் செப்டம்பரில் முடிகிறது. திட்டம் முடிவதால் புதுப்பிக்கப்போவதில்லை என்று முதலாளி சொல்லிவிட்டார்.

ஜூலையில் அவள் மட்டும் வந்தாள். “அவர் ஊருக்குப் போறதுக்குள்ள ஏதாவது செய்யணும் மேடம். அவங்க அம்மா, நீயும் கூட வா, குலதெய்வக் கோயில்ல தாலி கட்டிடலாம், மத்ததை அப்புறம் பார்த்துக்கலாம்னு சொல்றாங்க.”

நான் உடனே நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒர்க் பெர்மிட்டில் இருப்பவர், சிங்கப்பூர்க் குடிமக்களையோ நிரந்தரவாசிகளையோ மணக்க வேண்டுமென்றால் மனிதவள அமைச்சின் அனுமதியை முன்கூட்டியே வாங்க வேண்டும். திருமணம் எந்த நாட்டில் நடந்தாலும் இதுதான் விதி. பதிவுத் திருமணம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். மத முறைப்படியோ வழக்கப்படியோ செய்வதும் இதில் அடக்கம். கோயிலில் கட்டும் தாலியும் சேர்த்துத்தான். பெர்மிட் முடிந்து ஊருக்குப் போய்விட்டாலும் விதி விடாது, முன்னாள் பெர்மிட்காரருக்கும் அனுமதி வேண்டும். மீறினால் அவர் மறுபடி சிங்கப்பூருக்குள் வர முடியாமல் போகலாம். அதைவிட உயர்ந்த வேலைகளுக்குத் தரும் எஸ் பாஸ், எம்ப்ளாய்மென்ட் பாஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை என்பதால், அலுவலக நண்பர்கள் சொல்லும் அனுபவத்தை நம்பி ஏமாறுகிறவர்கள் நிறைய.

ஆனால் அவளுக்கு நிம்மதி தந்ததும் இதே விதிதான். முன்னாள் பெர்மிட்காரருக்கும் அனுமதி வேண்டும் என்றால், ஊருக்குப் போன பிறகும் விண்ணப்பிக்கலாம் என்றுதானே அர்த்தம்? செப்டம்பரில் விமானம் ஏறுவதோடு கதவு மூடிவிடுவதில்லை. அவசரம் தேதியால் வந்தது, சட்டத்தால் வந்ததில்லை.

அப்புறம் ஒரு கேள்வி கேட்டேன். “பெர்மிட்டை இன்னும் இரண்டு வருஷம் நீட்டிட்டாங்கன்னு வையுங்க. இந்த வருஷமே கல்யாணம் பண்ணுவீங்களா?” கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “இல்ல மேடம். இன்னும் ஒரு வருஷமாவது பழகிப் பார்ப்பேன்.” எல்லாரிடமும் கேட்கும் கேள்விதான் இது. பெரும்பாலும் பதிலை அவர்களே முதல்முறையாக அப்போதுதான் கேட்கிறார்கள்.

அடுத்த வாரம் இருவரும் வந்தார்கள். அவருக்குத் தெரியாத ஒரு விஷயத்தைச் சொன்னேன். கட்டுமானத் தொழிலாளியின் பெர்மிட் முடிவதற்கு 40 நாளிலிருந்து 21 நாள் வரை இருக்கும் இடைவெளியில், பழைய முதலாளியின் சம்மதம் இல்லாமலே புது முதலாளியிடம் மாறலாம். ஆகஸ்டில் அந்த இருபது நாளும் அலைந்தார். வேலை அமையவில்லை. அதுவும் நடக்கும்.

கிளம்புமுன் மூன்று விஷயங்களைப் பேசிவைத்தார்கள். அனுமதி கேட்பதாக இருந்தால் எப்போது? யார் யாரை எப்போது போய்ப் பார்ப்பது, விமானச் செலவு யாருடையது? அனுமதி மறுக்கப்பட்டால் அவள் தஞ்சாவூரில் வாழத் தயாரா? மூன்றாவதில்தான் சண்டை வந்தது. வந்தது நல்லதற்குத்தான். அனுமதி கிடைத்துக் கல்யாணம் ஆனாலும் இங்கே வாழும் உரிமை தானாக வந்துவிடாது. நீண்டகால வருகை பாஸுக்குக் குடிநுழைவு ஆணையத்திடம் தனியே விண்ணப்பிக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்பே அதற்கான மதிப்பீட்டைக் கேட்டுப் பார்க்கும் வழியும் இருக்கிறது. தாலிக்கு முன் செய்ய வேண்டிய வேலை அது.

எச்சரிக்கை ஒன்றும் உண்டு. பழகிய இரண்டாவது வாரமே கல்யாணப் பேச்சு, பெர்மிட் எப்போது முடிகிறது என்று கேட்டால் மழுப்பல், நடுவில் பணம் கேட்கும் ‘அண்ணன்’ ஒருவர்: இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் விலகிவிடுங்கள். பாஸுக்காகப் போலித் திருமணம் செய்வது இங்கே குற்றம். 10 ஆண்டு வரை சிறை உண்டு. கார்டில் இருக்கும் கியூஆர் குறியீட்டை மனிதவள அமைச்சின் SGWorkPass செயலியில் ஸ்கேன் செய்து பாஸின் நிலையைக் காட்டச் சொல்லுங்கள். மறைக்க ஒன்றுமில்லாதவர் சிரித்துக்கொண்டே காட்டுவார். இவர் காட்டியிருந்தார், இரண்டாவது சந்திப்பிலேயே.

செப்டம்பர் கடைசியில் அவர் ஊருக்குப் போனார். பொங்கலுக்கு அவள் தன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு தஞ்சாவூர் போய் வந்தாள், தாலி இல்லாமல். அனுமதிப் படிவத்தை இன்னும் நிரப்பவில்லை. “அவசரம் இல்ல மேடம்” என்றாள் போனில்.