செம்மண்ணில் பதியும் பிரேக்

காரைக்குடியிலிருந்து குன்றக்குடி செல்லும் சாலையில் காலைதோறும் ஓடும் வாசகி ஒருவர், முழங்கால் வலிப்பதாகவும், குதிகாலை ஊன்றுவதே அதற்குக் காரணம் என்று உடன் ஓடுபவர்கள் சொல்வதாகவும் எழுதி, நடுப்பாதத்தை ஊன்றும் முறைக்கு மாறலாமா என்று கேட்டிருக்கிறார். பாதத்தின் எந்தப் பகுதி முதலில் தரையைத் தொடுகிறது என்பதைவிட, அது உடலுக்கு எவ்வளவு முன்னால் தொடுகிறது என்பதையே நான் முதலில் பார்ப்பேன்.

மழையில் நனைந்த செம்மண் பாதையில் எட்டி எட்டி அடி வைத்து ஓடிவிட்டு, திரும்பி வந்து தடத்தைப் பாருங்கள். குதிகால் பதிந்த இடத்தில் மண் முன்னோக்கி நகர்ந்திருக்கும். விரல்கள் பதிந்த இடத்தில் பின்னோக்கித் தள்ளப்பட்டிருக்கும். பாதம் தரையில் இருக்கும் நேரத்தின் முற்பாதியில் நாம் மண்ணை முன்னே தள்ளுகிறோம், மண் நம்மைப் பின்னே தள்ளுகிறது. இதுவே பிரேக் விசை. பிற்பாதியில் இது தலைகீழாகிறது. சீரான வேகத்தில் ஓடும்போது, ஒவ்வோர் அடியிலும் இழந்த வேகத்தை அதே அடியில் மீட்டாக வேண்டும்.

தரையின் எதிர்விசை, ஏறத்தாழ பாதத்திலிருந்து உடலின் நிறை மையத்தை நோக்கிச் சாய்ந்திருக்கும். எளிமைக்காக அம்மையம் 90 செ.மீ. உயரத்தில் இருப்பதாகவும், பாதம் அதற்கு 27 செ.மீ. முன்னால் விழுவதாகவும் கொண்டால், தரை 60 கிலோ எடைக்குச் சமமாக மேலே தள்ளும் கணத்தில் 18 கிலோ எடைக்குச் சமமாகப் பின்னேயும் தள்ளும். பாதம் 24 செ.மீ. முன்னால் விழுந்தால் அது 16 கிலோவாகக் குறையும். மூன்று சென்டிமீட்டர் செய்யும் இந்த வேலை எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

வாசகி மணிக்கு 10 கி.மீ. வேகத்தில், நிமிடத்துக்கு 160 அடி வைக்கிறார். அதாவது ஓர் அடிக்கு 104 செ.மீ. வேகத்தை மாற்றாமல் அடிகளைப் பத்து சதவீதம் கூட்டி 176 ஆக்கினால் அடி நீளம் 95 செ.மீ. ஆகிவிடும். அந்த 9 செ.மீ. முழுவதும் முன்பக்கத்தில் குறைவதில்லை. காற்றில் கடக்கும் தூரமும் குறைகிறது. 2011இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவுகளில், ஐந்து சதவீதம் கூட்டியபோதே முழங்கால் உள்வாங்கும் ஆற்றல் குறைந்தது. பிரேக் விசையின் தாக்கம் பத்து சதவீதத்தில்தான் தெளிவாகக் குறைந்தது.

நிமிடத்துக்கு 180 அடி என்பதை மந்திரம்போல் ஓதுவது, என் கருத்தில், மூடநம்பிக்கையே. அது மிக வேகமாக ஓடும் போட்டியாளர்களிடம் எண்ணப்பட்ட கணக்கு. வேகம் குறைந்தால் அடிகளும் இயல்பாகவே குறையும். அளவுக்கு மீறிக் கூட்டினால் மூச்சு வாங்கும்.

குதிகால் ஊன்றல் தரும் தனி வேறுபாடு, தரையைத் தொட்டவுடன் எழும் கூர்மையான முதல் அதிர்ச்சி. நடுப்பாதம் ஊன்றினால் அது மழுங்கும். ஆனால் சுமை மறைவதில்லை, முழங்காலிலிருந்து கெண்டைக்காலுக்கும் அதைக் குதிகாலோடு இணைக்கும் குதிநாணுக்கும் இடம் மாறுகிறது. காலை எட்டி நீட்டி நடுப்பாதத்தை ஊன்றினாலும் பிரேக் விழத்தான் செய்யும்.

எனவே வாசகி முதலில் பக்கவாட்டில் ஒரு வீடியோ எடுத்து, பாதம் தரையைத் தொடும் கணத்தில் முழங்காலுக்குக் கீழுள்ள பகுதி செங்குத்தாக இருக்கிறதா, பாதம் முழங்காலுக்கு முன்னே நீண்டிருக்கிறதா என்று பார்க்கட்டும். நீண்டிருந்தால், ஊன்றும் முறையை மாற்றாமல், அடிகளை மட்டும் ஐந்து சதவீதம் கூட்டி, சில நிமிடங்களுக்கு ஓடிப் பழகட்டும். மறுநாள் காலையில் குதிநாண் விறைத்திருந்தால், உடல் அனுமதிக்கும் அளவைத் தாண்டிவிட்டார் என்று பொருள்.