25 நாள் தாமதம், 12 நாள் வேகம்: முதல் உலகப்போரின் காலக்கோடு

முதல் உலகப்போருக்குக் காலக்கோடு வரையச் சொன்னால், மாணவர்களில் பலர் நிகழ்ச்சிகளுக்கு இடையே ஒரே அளவு இடம்விட்டு, ஆண்டுகளை வரிசையாக எழுதிவிடுகிறார்கள். வரிசை சரியாகவே இருக்கும். ஆனால் போர் ஏன் மூண்டது என்பது அதில் தெரியாது. ஆகவே கட்டம் போட்ட நோட்டில் ஒரு நாளுக்கு ஒரு கட்டம் வீதம் 37 கட்டங்களை எடுத்துக்கொண்டு, 1914 ஜூன் 28ஐத் தொடக்கப் புள்ளியாக வைத்து ஆகஸ்ட் 4 வரை குறித்துப் பாருங்கள்.

அதற்கு முந்தைய காரணங்களைக் கோட்டின் இடப்புறத்தில் சுருக்கமாக எழுதினால் போதும். 1871இல் பிரான்ஸ் அல்சேஸ்-லொரைன் பகுதியை ஜெர்மனியிடம் இழந்தது. 1882க்குள் ஜெர்மனி, ஆஸ்திரியா-ஹங்கேரி, இத்தாலி ஆகியவை ஓர் அணியாயின. 1907க்குள் பிரான்ஸ், ரஷ்யா, பிரிட்டன் ஆகியவை மறு அணியாக நெருங்கின. 1908இல் ஆஸ்திரியா-ஹங்கேரி போஸ்னியாவைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது செர்பியாவுக்கு ஆறாத புண்ணாயிற்று. இவை விறகு அடுக்கிய கதை. தீப்பற்றிய கதை அந்த 37 கட்டங்களில் இருக்கிறது.

ஜூன் 28 அன்று போஸ்னியாவின் சரயேவோ நகரில், ஆஸ்திரிய இளவரசர் பிரான்ஸ் பெர்டினான்டின் கார் வழிதவறித் திரும்பி நின்ற இடத்தில், 19 வயது போஸ்னிய செர்பிய இளைஞன் கவ்ரிலோ பிரின்சிப் அவரையும் அவர் மனைவி சோபியையும் சுட்டுக் கொன்றான். ஜூலை 5 அன்று, ஆஸ்திரியா என்ன செய்தாலும் துணைநிற்பதாக ஜெர்மனி உறுதியளித்தது. தொகை எழுதாத காசோலை என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுவது இதைத்தான். ஆனால் ஆஸ்திரியாவின் இறுதி எச்சரிக்கை செர்பியாவின் கைக்குப் போனது ஜூலை 23 அன்றுதான். கொலைக்கும் எச்சரிக்கைக்கும் நடுவே கழிந்த 25 நாட்கள் வீணாகக் கழியவில்லை. ஹங்கேரியின் பிரதமர் திஸா முதலில் போருக்கு இணங்கவில்லை. படைவீரர் பலர் அறுவடை விடுப்பில் இருந்தனர். பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் புவான்காரே ரஷ்யத் தலைநகரை விட்டுக் கிளம்பும்வரை, இரு நேச நாடுகளும் நேரில் கலந்து முடிவெடுக்க வாய்ப்பளிக்கக் கூடாது என்று ஆஸ்திரியத் தலைநகர் வியன்னா காத்திருந்தது. கொலை நடந்த வாரத்திலேயே நடவடிக்கை எடுத்திருந்தால் ஐரோப்பாவின் அனுதாபம் ஆஸ்திரியாவுக்குக் கிடைத்திருக்கக்கூடும் என்பது என் கணிப்பு.

25ஆம் கட்டத்துக்குப் பிறகு கோடு நெரிசலாகிறது. 48 மணி நேரக் கெடுவுக்குள் செர்பியா பெரும்பாலான கோரிக்கைகளுக்கு இணங்கிப் பதில் அளித்தது. தன் மண்ணில் நடக்கும் விசாரணையில் ஆஸ்திரிய அதிகாரிகள் பங்கேற்பதை மட்டும் திட்டவட்டமாக மறுத்தது. 30ஆம் கட்டத்தில், அதாவது ஜூலை 28 அன்று, ஆஸ்திரியா போர் அறிவித்தது. இரண்டு நாள் கழித்து ரஷ்யா செர்பியாவுக்கு ஆதரவாக முழுப் படைதிரட்டலுக்கு உத்தரவிட்டது.

அரசியல்வாதிகளின் கையிலிருந்து கடிவாளம் நழுவிய இடம் இதுதான். ரஷ்யா படைதிரட்டி முடிப்பதற்குள் பிரான்சை ஏறத்தாழ ஆறு வாரங்களில் வீழ்த்திவிட்டு, பிறகு கிழக்கே திரும்புவது என்பதே ஜெர்மனியின் திட்டம். எனவே ரஷ்யாவுக்குக் கிடைக்கும் ஒவ்வொரு நாளும் ஜெர்மனிக்கு நட்டம். ஆகஸ்ட் 1 அன்று ரஷ்யா மீது போர் அறிவித்த கையோடு, பிரிட்டன் ஒதுங்கி நிற்கும் என்று நம்பிய பேரரசர் வில்ஹெல்ம், படை முழுவதையும் கிழக்கே அனுப்பலாமா என்று தளபதி மோல்ட்கேயைக் கேட்டார். பல ஆண்டுகளாக வகுத்த ரயில் அட்டவணையை ஓர் இரவில் மாற்ற முடியாது என்ற பொருளில் மோல்ட்கே மறுத்துவிட்டார். ஆகஸ்ட் 3 அன்று பிரான்ஸ் மீது போர் அறிவிக்கப்பட்டது. மறுநாள் ஜெர்மன் படை பெல்ஜியத்துக்குள் நுழைந்தது. அந்நாட்டின் நடுநிலையைக் காப்பதாக 1839இல் ஒப்பமிட்டிருந்த பிரிட்டன் அன்றே போரில் இறங்கியது. பிரிட்டனோடு இந்தியாவும் இழுக்கப்பட்டதால், 49 நாட்கள் கழித்து, செப்டம்பர் 22 இரவில் எம்டன் கப்பலின் குண்டுகள் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளில் விழுந்தன.

விளைவுகளுக்குத் தனிக்கோடு வேண்டும். அதில் ஆண்டுக்கு ஒரு கட்டம் போதும். 1917 ரஷ்யப் புரட்சியைச் சிலர் போருக்குப் பின் எழுதுகிறார்கள். அது போர் நடக்கும்போதே நேர்ந்த விளைவு. 1918 நவம்பர் 11 அன்று சண்டை நின்றது. சரயேவோ கொலைக்குச் சரியாக ஐந்தாண்டு கழித்து, 1919 ஜூன் 28 அன்று, வெர்சேல்ஸ் உடன்படிக்கை கையெழுத்தானது. அதன்படி ஜெர்மன் தரைப்படை ஒரு லட்சம் பேராகக் குறுக்கப்பட்டது; 231ஆம் பிரிவு போரின் சேதங்களுக்கான பொறுப்பை ஜெர்மனி மீதும் அதன் கூட்டாளிகள் மீதும் சுமத்தியது. இழப்பீட்டுத் தொகை 1921இல் 13,200 கோடி தங்க மார்க் என்று நிர்ணயிக்கப்பட்டது.

இங்கிருந்து 1923இன் பணவீக்கத்துக்கு நேராக அம்புக்குறி போடுவதுதான் விடைத்தாள்களில் நான் அடிக்கடி காணும் பிழை. ஜெர்மனி போர்ச்செலவின் பெரும்பகுதியைக் கடன் வாங்கியே சமாளித்திருந்ததால், மார்க்கின் மதிப்பு அதற்கு முன்பே சரிந்துகொண்டிருந்தது. 1923 ஜனவரியில், இழப்பீடு முறையாக வரவில்லை என்று பிரான்சும் பெல்ஜியமும் ஜெர்மனியின் ரூர் தொழிற்பகுதியைக் கைப்பற்றின. அங்கே வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்களுக்குக் கூலி கொடுக்க ஜெர்மன் அரசு மேலும் நோட்டு அச்சடித்தது. நவம்பரில் ஒரு டாலரின் விலை நான்கு லட்சம் கோடி மார்க்கைத் தாண்டியது. ஆகவே அம்புக்குறி இரண்டு கிளைகளாகப் புறப்பட வேண்டும்: ஒன்று 1914இன் போர்க்கடனிலிருந்து, மற்றொன்று 1919இன் இழப்பீட்டிலிருந்து ரூர் வழியாக.