அப்பத்தாவின் முகமும் தேக்குத் தூணும்: லித்தோபேனில் ஒளி தடிமனாக மாறும் கணக்கு

காரைக்குடிப் பக்கத்து எங்கள் வளவில், கறுத்த பர்மா தேக்குத் தூணில் சாய்ந்தபடி அப்பத்தா அமர்ந்திருக்கும் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று உண்டு. அதை விளக்கு மாடத்தில் வைக்கும் லித்தோபேனாக அச்சிட முனைந்தபோதுதான், ஒளியைத் தடிமனாக மாற்றும் கணக்கு எவ்வளவு வழுக்கலானது என்பது எனக்குப் புரிந்தது.

லித்தோபேன் என்பது மேடுபள்ளமான மெல்லிய வெள்ளைத் தகடு. பின்னால் விளக்கேற்றினால் மெல்லிய இடம் வெளிச்சமாகவும் தடித்த இடம் இருளாகவும் தெரியும். 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இதைப் பீங்கானில் செய்தார்கள். இன்று வெள்ளை பி.எல்.ஏ. பிளாஸ்டிக் இழையைக் கொண்டு முப்பரிமாண அச்சுப்பொறியில் செய்கிறோம். நான் எடுத்துக்கொண்ட எல்லைகள், மிக மெல்லிய இடத்தில் 0.8 மி.மீ., மிகத் தடித்த இடத்தில் 3 மி.மீ.

இடைப்பட்ட சாம்பல் நிறங்களுக்கு எவ்வளவு தடிமன் தருவது? படக்கோப்பில் ஒவ்வொரு பிக்சலுக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண் இருப்பதால், அதை அப்படியே நேர்விகிதமாகத் தடிமனில் பரப்பிவிடலாம் என்றே முதலில் தோன்றும். ஆனால் பிளாஸ்டிக் ஒளியைக் கழிப்பதில்லை, வகுக்கிறது. படிப்படியாகத் தடிமன் கூடும் சிறு பட்டை ஒன்றை அச்சிட்டு, பின்னால் பல்பை வைத்து, கைபேசியின் லக்ஸ் மானியால் அளந்தேன். 0.8 மி.மீ. படியில் 400 லக்ஸ், 3 மி.மீ. படியில் 20 லக்ஸ். நடுவிலுள்ள 1.9 மி.மீ. படியில் 210 வரும் என்று எதிர்பார்த்தால், வந்ததோ ஏறத்தாழ 90. அதாவது, அந்த இழையில் 0.51 மி.மீ. தடிமன் கூடும்போதெல்லாம் ஒளி பாதியாகிறது. இழைக்கு இழை இந்த எண் மாறும் என்பதால், அளக்காமல் அடுத்தவர் எண்ணைக் கடன் வாங்குவது வீண்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கோப்பில் 128 என்ற எண் பாதி ஒளியைக் குறிப்பதில்லை. கண்ணின் இயல்புக்கேற்ப எண்கள் வளைத்துப் பதியப்பட்டிருப்பதால், உண்மையில் அது வெள்ளையின் 22 சதவீத ஒளியே. ஆகவே முதலில் v என்ற பிக்சல் எண்ணை உண்மையான ஒளியாக விரித்து (கீழே L, வெள்ளைக்கு 1), பிறகு தடிமனைக் (t) கணக்கிட வேண்டும்:

```
L = ((v/255 + 0.055) / 1.055)^2.4
t = 0.8 + 0.51 * log2(1/L)
```

128க்கு இந்தக் கணக்கு 1.93 மி.மீ. தருகிறது, நேர்விகிதமோ 1.90. இரண்டு பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுவதால்தான், ஒன்றும் யோசிக்காமல் அச்சிட்டவர்களின் லித்தோபேன்களும் நடுச்சாம்பலில் ஓரளவு நன்றாகவே வந்துவிடுகின்றன! குட்டு உடைவது நிழலில்தான்.

அப்பத்தாவின் முகத்தில் நிழல் விழுந்த பாதி 70 அளவிலும், அதை ஒட்டிய தூண் 25 அளவிலும் இருந்தன. உண்மை ஒளியில் முகம் தூணைவிட ஆறு மடங்கு வெளிச்சம். நேர்விகிதத்தில் அச்சிட்டபோது அந்த வேறுபாடு இரண்டு மடங்கைக்கூட எட்டவில்லை. தூண் கறுக்காமல் புகை படிந்த சுவர்போலச் சாம்பலாக நின்றது. சரியான கணக்கில் அச்சிட்டால் தீரும் என்று பார்த்தால், அது இன்னும் மோசம். முகத்துக்கு 2.85 மி.மீ. கிடைத்தது, ஆனால் தூண் கேட்ட தடிமன் 3 மி.மீ. எல்லையைத் தாண்டிப்போனதால் அங்கேயே வெட்டப்பட்டு, கன்னமும் தூணும் ஒன்றாகக் கலந்துவிட்டன. 64க்குக் கீழே உள்ள எல்லாமே இப்படி ஒரே கறுப்பாகிவிடும்.

ஆக, குறை கணக்கில் இல்லை, தடிமனின் எல்லையில் இருந்தது. அதை 4 மி.மீ. ஆக்கினேன். முகத்தின் தடிமன் மாறவில்லை. தூண் மட்டும் 4 மி.மீ. வரை இறங்கிக் கறுத்தது, வேறுபாடு ஐந்து மடங்கை நெருங்கியது. இதற்கு விலையும் உண்டு. தடித்த பிளாஸ்டிக்கினுள் ஒளி பக்கவாட்டிலும் சிதறுவதால், வெள்ளைச் சேலையை ஒட்டிய மெல்லிய கரை சற்றே மங்கிவிட்டது. முகம் முக்கியமா, கரை முக்கியமா என்ற கேள்வியில் எனக்குத் தயக்கம் இருக்கவில்லை.

தகட்டைப் படுக்கவைத்து அச்சிட்டால் இத்தனை கணக்கும் பாழ். 0.1 மி.மீ. அடுக்குகளாகத் தடிமன் ஏறுவதால், வழுவழுப்பான கன்னத்தில் ஊருணிப் படிக்கட்டுப்போல வரிகள் தெரியும். நிமிர்த்தி அச்சிடும்போது தடிமனை அடுக்கு தீர்மானிப்பதில்லை, நாசிலின் பக்கவாட்டு நகர்வு தீர்மானிக்கிறது. அது இதைவிட நுண்மையானது. உள்நிரப்பு 100 சதவீதம் இருக்க வேண்டும். குறைத்தால் அச்சிட்டபோது எதுவும் தெரியாது. விளக்கைப் போட்டதும் முகத்தின் மேல் வலைப்பின்னல் தெரியும்.